யாருக்கு மருத்துவ இடம்? நீட்டும் இரண்டு சமூகவியல் கோட்பாடுகளும்

சமூகவியல் வினாத்தாள்களில் ஒரு கேள்வி வருடம் தவறாமல் தலைகாட்டும். ஏதாவது ஒரு சமூக ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, அதைச் செயல்பாட்டியல் நோக்கிலும் முரண்பாட்டுக் கோட்பாட்டு நோக்கிலும் ஆராய வேண்டும். நம் மாணவர்களில் பலர் நீட் தேர்வை எடுத்துக்கொள்வார்கள். விடை பெரும்பாலும் இப்படிப் போகும்: சமூகம் ஓர் உடல், அதன் உறுப்புகளில் ஒன்று கல்வி, நீட் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்துச் சமூகத்தைச் சமநிலையில் வைக்கிறது. அடுத்த பத்தியில், மார்க்ஸின் கருத்துப்படி சமூகம் இரண்டு வர்க்கங்களாகப் பிரிந்துள்ளது, நீட் ஏழைகளைச் சுரண்டுகிறது. கடைசி வரியில், இரண்டு கோட்பாடுகளும் தத்தம் அளவில் உண்மையே.

இந்த விடையில் தப்பு என்று ஒரு வரியைக்கூடச் சுட்ட முடியாது. ஆனால் ‘நீட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ரயில்வே தேர்வு’ என்றோ ‘ரேஷன் கடை’ என்றோ போட்டாலும் விடை அப்படியே நிற்கும். கோட்பாடு வழக்கைத் தொடவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம். ஒரு கோட்பாட்டைப் பொருத்துவது என்றால், அது எந்த வழியாக வேலை செய்கிறது என்று சொல்கிறதோ அந்த வழியை இந்த வழக்கில் ஒவ்வொரு படியாகத் தேடிப் பார்ப்பது. சில படிகள் கிடைக்கும், சில கிடைக்காது. கிடைக்காத இடத்தில்தான் மதிப்பெண் இருக்கிறது.

நீட்டை இதற்கு எடுத்துக்கொள்ள நல்ல காரணம் உண்டு. இந்த விவாதத்தின் மூலக் கட்டுரையே மருத்துவரை உதாரணம் காட்டித்தான் பேசுகிறது. 1945-இல் கிங்ஸ்லி டேவிஸ், வில்பர்ட் மூர் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், சமூகத்தில் ஏற்றத்தாழ்வு ஏன் இருக்கிறது என்று கேட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் வாதம் இது. எந்தச் சமூகத்திலும் நிரப்பப்பட வேண்டிய பொறுப்புகள் இருக்கின்றன. எல்லாப் பொறுப்பும் ஒன்றுபோல் முக்கியமில்லை, எல்லாவற்றுக்கும் ஆள் எளிதில் கிடைப்பதும் இல்லை. ஒரு பொறுப்பு சமூகத்துக்கு எவ்வளவு முக்கியம், அதற்கு ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்ற இரண்டையும் பொறுத்து அதற்கான பணமும் மரியாதையும் அமைகின்றன. கூடுதல் பலன் இல்லாவிட்டால், கடினமான பொறுப்புகளுக்குத் தகுந்தவர்கள் வர மாட்டார்கள்.

‘முக்கியம்’ என்பதை எப்படி அளப்பது என்று யாரும் கேட்பார்கள். அதற்கும் அவர்கள் இரண்டு தடயங்கள் தந்தார்கள். அந்த வேலையை வேறு யாராலும் செய்ய முடியாமல் இருப்பது ஒன்று. மற்றப் பல வேலைகள் அதைச் சார்ந்திருப்பது இன்னொன்று. மருத்துவர் இரண்டிலும் தேறிவிடுவார்.

ஆனால் பெரும்பாலோர் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஓர் இடம் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. மருத்துவம் படிக்க அபூர்வமான மூளை வேண்டும் என்று டேவிஸும் மூரும் சொல்லவில்லை. அது பெரும்பாலானவர்களின் அறிவுக்கு எட்டக்கூடியதுதான் என்றே எழுதினார்கள். மருத்துவர்கள் அரிதாக இருப்பதற்குக் காரணமாக அவர்கள் காட்டியது படிப்பின் நீளத்தையும் சுமையையும் செலவையும். இத்தனையையும் தாங்குவதற்கு ஈடான பலன் கடைசியில் இல்லாவிட்டால் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். ‘திறமைசாலிகளைச் சலித்தெடுக்கும் சல்லடை நீட்’ என்று எழுதுகிறவர் செயல்பாட்டியலை எழுதுவதாக நினைத்துக்கொண்டு, அதன் பெயரில் வேறு ஒன்றை எழுதிவிடுகிறார்.

இப்போது செயல்பாட்டியலை நீட்டின் மேல் ஒழுங்காகப் பொருத்திப் பார்ப்போம். முதல் கண்ணி, மருத்துவர் பொறுப்பு முக்கியமானது என்பது. அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது கண்ணி, பயிற்சி இடங்கள் குறைவு என்பது. 2024-இல் சுமார் 23 லட்சம் பேர் நீட் எழுதினார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1 லட்சம். மூன்றாவது கண்ணி, இத்தனை பேரையும் ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்த ஒரு வழி தேவை என்பது. பல்வேறு பாடத்திட்டங்களில், பல்வேறு தாராளத்தோடு மதிப்பெண் போடும் வாரியங்களில் படித்து வந்தவர்களை ஒப்பிட ஒரு பொதுத் தேர்வு உதவும். முன்பு அகில இந்தியத் தேர்வு, மாநிலத் தேர்வுகள், தனியார் கல்லூரிகள் தாங்களே நடத்திய தேர்வுகள் என்று ஒரு மாணவர் ஊர் ஊராகப் போய் எழுத வேண்டியிருந்தது. அந்தத் தனியார் தேர்வுகளில் நன்கொடை என்ற பெயரில் கைமாறிய தொகை ஊரறிந்தது. ஒரே தேர்வு இந்த அலைச்சலையும் பேரத்தையும் ஒழிக்கும் என்பதே நீட்டின் சொல்லப்பட்ட நோக்கம்.

கட்டுரையில் இந்தப் பத்தியை எழுதி முடித்த கையோடு ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். இந்த விளக்கம் சரியாக இருக்க எது உண்மையாக இருந்தாக வேண்டும்? நீட்டில் முன்னால் வருகிறவர் மருத்துவப் படிப்புக்கு மற்றவரைவிடத் தயாரானவராக இருக்க வேண்டும். முன்னால் வந்தவருக்கே இடம் கிடைக்கவும் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளை வெளிப்படையாகச் சொல்லாத செயல்பாட்டியல் பத்தி, சோதிக்கவே முடியாத பத்தி.

டேவிஸ்–மூருக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1953-இல், அதே ஆய்விதழில் மெல்வின் ட்யூமின் பதில் எழுதினார். அவருடைய கேள்விகளில் இரண்டு நமக்கு நேரடியாக வேண்டும். படிப்புக்காகச் செய்யும் ‘தியாகம்’ என்கிறீர்களே, அதை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் பெற்றோர். அவர்களால் அது முடிவதற்குக் காரணம், அவர்கள் ஏற்கெனவே மேலே இருப்பது. அடுத்தது, ஒரு சமூகத்தில் ஏற்றத்தாழ்வு எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சமூகம் தன்னிடம் என்னென்ன திறமைகள் இருக்கின்றன என்பதையே தெரிந்துகொள்ளாமல் போகும். திறமை தெரிய வேண்டுமானால் வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும். கீழே உள்ளவர்களிடம் திறமை இல்லை என்று முடிவுகட்ட, அவர்களைச் சோதித்துப் பார்த்த ஆதாரமே இருக்காது.

இங்கிருந்து முரண்பாட்டுக் கோட்பாட்டுக்குப் போகலாம். கல்வி விஷயத்தில் மார்க்ஸிடம் மட்டும் நின்றுவிடுவதைவிட, வெபரின் வழியில் வந்த ராண்டல் காலின்ஸிடம் போவது பயன் தரும் என்பது என் எண்ணம். கல்வி சார்ந்த ஏற்றத்தாழ்வை இதே இரண்டு கோட்பாடுகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் கட்டுரை ஒன்றை அவர் 1971-இல் எழுதினார். வேலைக்குத் தேவையான திறனைவிடக் கல்வித் தகுதிகள் வேகமாக உயர்ந்துகொண்டே போகின்றன என்று காட்டி, தகுதிச் சான்று என்பது ஒரு குழு தன் இடத்தைக் காத்துக்கொள்ள எழுப்பும் வேலி என்றார். குழுக்கள் பல. வருமானம், மொழி, வாழ்க்கைமுறை, அரசியல் பலம் என்று அவற்றின் ஆயுதங்களும் பல. யாருடைய பாடத்திட்டத்திலிருந்து கேள்வி வருகிறது, யாருடைய பள்ளி அதற்குப் பழக்குகிறது, தோற்றவர் யாரைக் குறை சொல்கிறார் என்பவை அவர் வழியில் எழும் கேள்விகள்.

நீட்டில் இது இயங்கும் வழியைச் சங்கிலியாக எழுதலாம். வசதி பயிற்சியாக மாறுகிறது, பயிற்சி மதிப்பெண்ணாக, மதிப்பெண் இடமாக, இடம் மறுபடி வசதியாக. இந்தச் சங்கிலியின் சிறப்பு, வசதி கடைசியில் மதிப்பெண் என்ற உடையில் வருவதால் அது வசதி என்று யாருக்கும் தெரிவதில்லை. நன்கொடை கொடுத்துச் சேர்ந்தவரை ஊர் கேலி பேசும். இரண்டு வருடம் பயிற்சி மையத்தில் தங்கிப் படித்துச் சேர்ந்தவரைப் பாராட்டும். இடம் கிடைக்காத பையன் தனக்கு மூளை போதவில்லை என்று நினைத்துக்கொள்வான். ஆனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று வேண்டும். ‘பணக்காரர்கள் நீட்டைக் கொண்டுவந்தார்கள்’ என்று ஒரே தாவாகத் தாவினால் அது முரண்பாட்டுக் கோட்பாடு ஆகாது, மேடைப் பேச்சாகிவிடும்.

சான்றுக்கு வருவோம். தமிழ்நாட்டில் நீட்டின் விளைவை ஆராய நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் அமைந்த குழு 2021 ஜூலையில் அறிக்கை தந்தது. அதில் ஒரு கணக்கு: மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்று வந்தவர்கள் 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. நீட் வருவதற்கு முன், பள்ளிப் படிப்பை முடித்த அதே ஆண்டில் சேர்ந்தவர்களே அதிகம். நீட் வந்தபின், ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருந்து படித்துச் சேர்ந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் மாணவர்கள் அதைத் தூக்கி முரண்பாட்டுப் பத்தியில் போட்டுவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். டேவிஸும் மூரும் இதே எண்ணைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? பலன் பெரிது, ஆகவே இளைஞர்கள் கூடுதலாக ஒரு வருடத்தைத் தியாகம் செய்யத் தயாராக இருக்கிறார்கள், நாங்கள் சொன்ன ஊக்கம் வேலை செய்கிறது பாருங்கள் என்பார்கள். ட்யூமின் அதே எண்ணைக் காட்டி, அந்த ஒரு வருடத்தை விலைக்கு வாங்க எந்த வீட்டால் முடிகிறது என்று கேட்பார். பயிற்சி மையக் கட்டணம், விடுதிச் செலவு, வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம், வீட்டில் பெண்ணாக இருந்தால் ‘இன்னும் எத்தனை வருஷம்’ என்ற பேச்சு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை.

ஆக 71.42 என்ற எண் தனியாக எந்தப் பக்கமும் சாயவில்லை. அதை உடைத்துப் பார்க்க வேண்டும். மறுமுறை முயன்றவர்களைக் குடும்ப வருமானத்தின்படி பிரித்தால், எல்லா அடுக்குகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்திருந்தால் செயல்பாட்டியலுக்கு வலு. மேல் அடுக்குகளில் குவிந்திருந்தால் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு வலு. இதே அறிக்கையில், தமிழ் வழியில் படித்துச் சேர்ந்தவர்களின் பங்கு நீட்டுக்கு முன் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, பிறகு 4 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்ற கணக்கும் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் பங்கும் இறங்கியிருக்கிறது. பயிற்று மொழியும் பெற்றோரின் படிப்பும் வசதிக்கு நெருங்கிய அடையாளங்கள். அதனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்ல முடிகிறது. கட்டுரையில் இப்படி எழுதலாம்:

‘மறுமுறை முயல்வோர் பெருகியிருப்பது, பலன் பெரிதாக இருந்தால் மக்கள் சுமையை ஏற்பார்கள் என்ற டேவிஸ்–மூர் கருத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதே காலத்தில் தமிழ்வழி மாணவர்களும் முதல் தலைமுறை மாணவர்களும் குறைந்திருப்பதால், சுமையை ஏற்கும் விருப்பம் எல்லோருக்கும் இருந்தாலும் ஏற்கும் வசதி சிலருக்கே இருந்தது என்ற ட்யூமினின் வாதமே இந்த வழக்கை நன்றாக விளக்குகிறது.’

இரண்டு வாக்கியங்கள்தான். ஒரே தரவின் மேல் இரண்டு கோட்பாடுகளும் மோதுகின்றன, எது ஏன் முன்னால் நிற்கிறது என்பதும் தெரிகிறது. முதல் பக்கம் முழுக்கச் செயல்பாட்டியல், அடுத்த பக்கம் முழுக்க முரண்பாடு என்று எழுதுகிறவருக்கு இந்த மோதல் வாய்ப்பதே இல்லை.

செயல்பாட்டியலை உண்மையிலேயே திணற வைக்கும் தரவு வேறொன்று இருக்கிறது. அதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. நீட்டில் தகுதி பெற, பொதுப் பிரிவினருக்கு 50-ஆவது சதமானம் போதும். இது மதிப்பெண்ணில் பாதி இல்லை. தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டியிருந்தால் போதும் என்று பொருள். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவுகளுக்கு இது 40. விளைவாக 2024-இல் தகுதி பெற்றவர்கள் சுமார் 13 லட்சம் பேர். இருந்த இடங்களோ 1 லட்சம் சொச்சம். அந்த இடங்களில் அரசுக் கல்லூரி இடங்களும் உண்டு, ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் உண்டு.

இப்போது கலந்தாய்வு மேசையை நினைத்துப் பாருங்கள். அரசு இடங்கள் மேல் தரவரிசைகளோடு தீர்ந்துவிடுகின்றன. அடுத்து நிற்கிற பெண்ணுக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. அவள் அப்பாவின் ஆண்டு வருமானத்தைப் போலப் பல மடங்கு கட்டணம். அவள் எழுந்து போகிறாள். தரவரிசையில் அவளுக்குப் பல்லாயிரம் பேர் பின்னால், குறைந்த மதிப்பெண்ணோடு நிற்கிற ஒருவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறார். இருவரும் ‘தகுதி பெற்றவர்கள்’தான். ஆக, முதல் வாசலில் சலிப்பது தேர்வு, இரண்டாவது வாசலில் சலிப்பது கட்டணம். நாம் முன்பு எழுதிவைத்த நிபந்தனைகளில் இரண்டாவது, ‘முன்னால் வந்தவருக்கே இடம்’ என்பது, இங்கே உடைகிறது. நன்கொடை ஒழிந்தது என்ற வாதத்துக்கும் இதே இடத்தில் அடி. முன்பு மேசைக்கு அடியில் போன தொகையில் ஒரு பகுதி இப்போது ரசீதோடு மேசைக்கு மேலே போகிறது என்று சொல்பவர்களுக்குச் செயல்பாட்டியலாளர் பதில் தேட வேண்டியிருக்கும்.

சரி, முரண்பாட்டுக் கோட்பாடு வென்றது என்று பேனாவை மூடிவிடலாமா? அதற்கும் ஒரு முள் இருக்கிறது. தமிழ்நாடு 2006-இல் சட்டம் இயற்றி நுழைவுத் தேர்வை ஒழித்து, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடத்தியது. அந்தக் காலத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எத்தனை மருத்துவ இடங்கள் கிடைத்தன? ராஜன் குழுவின் கணக்கிலேயே அது 1 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. நீட் அதை இன்னும் கீழே தள்ளியது உண்மை. ஆனால் கீழே தள்ளுவதற்கு அங்கே அதிகம் இருக்கவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் இடங்களை அள்ளியவை நாமக்கல் வட்டாரத்தின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் அவற்றைப் போன்ற தனியார் பள்ளிகளும். பதினோராம் வகுப்புக்கு அப்போது பொதுத் தேர்வு கிடையாது என்பதால், பல பள்ளிகள் அந்தப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருவேற்றின. பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு 2018-இல்தான் வந்தது. அதற்கு முன்பே நீட் வந்து, கேள்விகளில் கணிசமான பங்கைப் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து கேட்டு, அந்த உருவேற்றலின் விலையைப் பிள்ளைகளிடம் வசூலித்தது.

இதிலிருந்து முரண்பாட்டுக் கோட்பாட்டுப் பத்தி எப்படி மாற வேண்டும் என்று பாருங்கள். ‘நீட் ஏழைகளை விலக்குகிறது’ என்பது பாதிக் கதை. வசதி மதிப்பெண்ணாக மாறும் சங்கிலி நீட்டுக்கு முன்பும் ஓடியது. நீட் வந்ததும் அந்தச் சங்கிலி நாமக்கல்லின் விடுதியிலிருந்து கோட்டா பாணிப் பயிற்சி மையத்துக்கு இடம் மாறியது. எந்தக் குழு எந்தக் குழுவிடம் இழந்தது என்பதே இப்போது கேள்வி. மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளிகளில் படித்த நடுத்தரக் குடும்பங்கள் இழந்தன. மத்திய வாரியப் பள்ளியோடு நீண்ட பயிற்சியையும் வாங்க முடிந்த குடும்பங்கள் பெற்றன. அரசுப் பள்ளிப் பிள்ளை இரண்டு ஆட்டத்திலும் வெளியேதான் நின்றது. இப்படி எழுதும்போது காலின்ஸின் பல குழுக்கள் என்ற கருத்து உண்மையிலேயே கைகொடுக்கிறது. இரண்டு வர்க்கம் என்ற கணக்கில் இது அடங்காது.

நீட் எப்படித் தோன்றியது என்ற கதையும் இதையே சொல்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2010 டிசம்பரில் பொதுத் தேர்வுக்கு அறிவிக்கை வெளியிட்டது. அதை எதிர்த்து வழக்காடியவர்களில் தனியார் கல்லூரிகள், சிறுபான்மையினர் கல்லூரிகள் இருந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பெயரில்தான் அந்த வழக்கே அறியப்படுகிறது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீட்டை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. பிறகு நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. தமிழ்நாட்டுக்கு அந்த ஓராண்டு விலக்கு. 2017 முதல் விலக்கு இல்லை. சேர்க்கையில் தங்கள் கை மேலோங்கியிருக்க வேண்டும் என்று நினைத்த தனியார் கல்லூரிகளே எதிர்த்தன என்பதால், ‘பணம் படைத்தவர்களின் சதி’ என்ற விளக்கம் கால் பாவ இடமில்லாமல் போகிறது. மத்திய அரசு, மாநில அரசு, கல்லூரி முதலாளிகள், நீதிமன்றம், பயிற்சித் தொழில் என்று பலர் இழுத்த கயிற்றின் நடுவில் பிறந்தது நீட்.

இங்கே எமில் துர்க்கைமை ஒரு நிமிடம் கூப்பிட வேண்டும். செயல்பாட்டியலின் முன்னோடி என்று எல்லாரும் முதல் வரியில் எழுதுகிற அதே துர்க்கைம், 1895-இல் வெளிவந்த தன் ஆய்வுமுறை நூலில் ஓர் எச்சரிக்கை செய்திருக்கிறார். ஒன்று எதற்குப் பயன்படுகிறது என்று காட்டிவிட்டால், அது எப்படி உண்டானது என்று விளக்கியதாக ஆகிவிடாது; காரணத்தையும் செயல்பாட்டையும் தனித்தனியே தேட வேண்டும் என்றார். ‘ஒரே அளவுகோல் தேவைப்பட்டது, ஆகவே நீட் வந்தது’ என்று எழுதும் மாணவர் சறுக்கும் இடம் இதுதான். தேவை 1990-களிலும் இருந்தது. நீட் அப்போது வரவில்லை. வந்ததன் கதையைச் சொல்ல முரண்பாட்டுக் கோட்பாடே கைகொடுக்கும். வந்த பிறகு அது எதைத் தாங்கிப் பிடிக்கிறது, எடுத்துவிட்டால் எது சரியும் என்று கேட்கச் செயல்பாட்டியல் உதவும். கட்டுரையில் எந்தக் கோட்பாட்டை எங்கே வைப்பது என்ற குழப்பத்துக்கு இந்தப் பிரிவினை நல்ல விடை: தோற்றத்தைப் பற்றிய பத்தியில் ஒன்றும், நிலைப்பைப் பற்றிய பத்தியில் மற்றொன்றும் முன்னால் நிற்கட்டும், பிறகு இடப் பங்கீட்டில் இரண்டும் மோதட்டும்.

செயல்பாட்டியலுக்கு இன்னொரு வாய்ப்பும் கொடுத்தால்தான் நியாயம். டேவிஸ்–மூரோடு அந்தக் கோட்பாடு நின்றுவிடவில்லை. ராபர்ட் மெர்ட்டன் 1949-இல் வெளியிட்ட தொகுப்பில் அதைப் பழுதுபார்த்தார். ஓர் ஏற்பாட்டுக்கு எல்லாரும் அறிந்த வெளிப்படைச் செயல்பாடும், யாரும் திட்டமிடாத மறைமுகச் செயல்பாடும் இருக்கலாம். அது சிலருக்கு நன்மையும் வேறு சிலருக்குக் கேடும் செய்யலாம்; ‘சமூகத்துக்கு நல்லது’ என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்தப் பிரிவுக்கு என்று கேட்க வேண்டும். முக்கியமாக, ஒரு தேவையை ஒரே ஓர் ஏற்பாடுதான் நிறைவேற்ற முடியும் என்று நினைக்கக் கூடாது; மாற்று ஏற்பாடுகள் இருக்கும்.

இந்தக் கருவி கையில் இருந்தால் செயல்பாட்டியல் பத்தி நீட்டுக்கு வக்காலத்து வாங்கும் பத்தியாக இருக்க வேண்டியதில்லை. ஒப்பிடத்தக்க தரவரிசை என்பது தேவை; நீட் அதை நிறைவேற்றும் வழிகளில் ஒன்று. வெவ்வேறு வாரியங்களின் பிளஸ் டூ மதிப்பெண்களைப் புள்ளியியல் முறையில் சமன்செய்வது இன்னொரு வழி. நுழைவுத் தேர்வுக்குப் பதில் அதைத்தான் தமிழ்நாட்டின் 2006 சட்டம் எடுத்துக்கொண்டது. அப்படியானால் செயல்பாட்டியலாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி சுருங்குகிறது: இந்த இரண்டு வழிகளில் எது அதே வேலையைக் குறைந்த கேட்டோடு செய்கிறது? நாமக்கல் கதை ஒரு வழியின் கேட்டைச் சொல்கிறது, 71.42 மற்ற வழியின் கேட்டை.

இதே போல முரண்பாட்டுக் கோட்பாட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. எது நடந்தாலும் ‘இதுவும் ஆதிக்கமே’ என்று சொல்லிவிட முடிவது. 2020-இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு முன்னுரிமை தந்து சட்டம் இயற்றியது. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைத்திருந்தது. நூற்றுக்கணக்கான அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அந்த ஆண்டே உள்ளே வந்தார்கள். இதை ‘கண்துடைப்பு’ என்று ஒரு சொல்லில் முடிப்பவர், கோட்பாட்டை எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத இடத்தில் வைத்துவிடுகிறார். அசைக்க முடியாத கோட்பாடு எதையும் விளக்காது. மாறாக, குழுக்கள் மோதும்போது பலவீனமான குழுவுக்கும் அரசியல் பலம் இருந்தால் சலுகை பெற முடியும், அந்தச் சலுகையின் அளவு அந்தப் பலத்தின் அளவைக் காட்டும் என்று எழுதினால், 10 ஏன் 7.5 ஆனது என்ற கேள்விகூட ஆய்வுக்குரிய கேள்வியாகிவிடும்.

எழுதும் முறையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. மூன்று மணி நேரத் தேர்வில் வழக்கைப் பற்றிய உண்மைகளுக்குக் குறைந்தது பாதி இடம் தேவை. கோட்பாட்டாளர்களின் பிறந்த ஊரும் நூல் பட்டியலும் விடையைத் தூக்கிவிடாது. விடையை வழக்கில் தொடங்குங்கள், சமூகம் ஓர் உடல் என்ற வரியில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு கோட்பாட்டையும் அறிமுகப்படுத்தியவுடன் ‘இது சரியானால் இன்னது தென்பட வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். விடைத்தாள் திருத்துகிறவர் பேனாவை நிறுத்திப் படிக்கும் வாக்கியம் அதுதான். முடிவில் ‘இரண்டும் உண்மை’ என்று எழுதக் கை வந்தால், எந்தக் கேள்விக்கு எது உண்மை என்று பிரித்து எழுதுங்கள்.

நீட் வழக்கில் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நல்ல விடை அதைத் தொட்டு முடியலாம். நம்முடைய முதல் நிபந்தனை, நீட்டில் முன்னால் வருகிறவர் மருத்துவத்துக்குக் கூடுதலாகத் தயாரானவர் என்பது. 7.5 விழுக்காட்டில் வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த நீட் மதிப்பெண்ணோடு அதே வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள். நாலரை ஆண்டுப் படிப்பில் அவர்கள் முதலாண்டு உடற்கூறியலிலும், இறுதியாண்டு மருத்துவத்திலும் அறுவை சிகிச்சையிலும் எப்படித் தேறினார்கள் என்பதை, பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்களை நீட் மதிப்பெண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இடைவெளி நாலரை ஆண்டும் அப்படியே தொடர்ந்தால், நீட் ஏதோ ஒரு தயார்நிலையை அளக்கிறது என்று டேவிஸ்–மூர் பக்கம் சொல்லலாம். முதலாண்டில் தெரிந்த இடைவெளி இறுதியாண்டுக்குள் கரைந்துபோனால், நீட் அளந்தது பயிற்சி மையத்தைத்தான் என்று ட்யூமின் பக்கம் சொல்லும். முதலாண்டில் ஆங்கிலத்தால் மட்டும் தடுமாறி, அதன்பின் சமமாக வந்தார்கள் என்றால், வேலி எங்கே இருந்தது என்பதே வெளிப்படும்: அது பாடத்தில் இல்லை, பயிற்று மொழியில் இருந்தது.